ரிட்டர்ன் தேதி போன பிறகு தெரிந்த போன் கோளாறு: கண்டுபிடித்த நாளை வைத்து வாதாடுவது எப்படி?

ஆன்லைனில் வாங்கிய போனில் கோளாறு தெரிகிறது. ஆப்பைத் திறந்தால் ரிட்டர்ன் பட்டன் மங்கிக் கிடக்கிறது. சாட்டில் கேட்டால், "காலம் முடிந்துவிட்டது, சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்" என்று ஒரே பதில். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. ஏழு நாள், பத்து நாள் என்பது விற்பவர் தானே வைத்துக்கொண்ட விதி. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுப்பது பற்றிச் சட்டம் தனியாகப் பேசுகிறது.

எல்லாக் கோளாறுக்கும் இந்த வாதம் நிற்காது. பெட்டியைப் பிரித்த அன்றே தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு, அதாவது திரையில் கோடு, ஒலிக்காத ஸ்பீக்கர் போன்றவற்றுக்கு, "இன்றுதான் பார்த்தேன்" என்றால் எடுபடாது. வழக்கமாகப் பயன்படுத்தும்போது வெளியே தெரியாமல், ஒரு குறிப்பிட்ட சூழலில் மட்டும் தெரியவரும் மறைகுறைக்குத்தான் கண்டுபிடித்த தேதி உதவும். நம் கடற்கரையில் அப்படி ஒன்று அடிக்கடி வருகிறது: ஜிபிஎஸ் கோளாறு.

தங்கச்சிமடத்தில் விசைப்படகில் போகும் என் மைத்துனருக்கு நடந்ததையே எடுத்துக்கொள்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் இருக்கும்போது போன் வாங்கினார். மே 30 டெலிவரி. ஏழு நாள் ரிட்டர்ன் காலம் ஜூன் 6-ஆம் தேதி முடிந்தது. தடைக்காலம் ஜூன் 14 வரை. ஜூன் 16 கடலுக்குப் போனார். கரையை விட்டு விலகி டவர் போனதும் வரைபடத்தில் நீலப் புள்ளி பாம்பன் பக்கமே நின்றுவிட்டது. படகில் தனி ஜிபிஎஸ் கருவி இருந்ததால் ஆபத்தில்லை. ஆனால் எல்லைக்கோடு இவ்வளவு அருகில் இருக்கும் கடலில், கையிலிருக்கும் போனையும் நம்பித்தான் பலர் போகிறார்கள்.

கரையில் ஏன் தெரியவில்லை? போன் தன் இடத்தைச் செயற்கைக்கோளை வைத்து மட்டும் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்து டவர், சுற்றியுள்ள வைஃபை இவற்றையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. ஜிபிஎஸ் ஆன்டெனாவே வேலை செய்யாவிட்டாலும் ஊருக்குள் புள்ளி ஏறக்குறைய சரியாகவே நிற்கும். கடலில் டவரும் இல்லை, வைஃபையும் இல்லை. அங்கேதான் குட்டு வெளிப்படும். வாதம் முழுவதற்கும் அடிப்படை இதுதான்: இந்தக் குறையை ஜூன் 6-க்குள் கரையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க இயலாது.

படி 1: கோளாறு உண்மைதானா என்று உறுதி செய்யுங்கள்

கடற்கரைத் திடல் போல வானம் நன்றாகத் தெரியும் இடத்துக்குப் போங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வைஃபையையும் அணையுங்கள். லொக்கேஷன் மட்டும் ஆனில் இருக்கட்டும். GPSTest போன்ற இலவச ஆப் ஒன்றை முன்பே இறக்கி வைத்திருங்கள். அதில் செயற்கைக்கோள்களின் பட்டியலும், ஒவ்வொன்றின் சிக்னல் வலிமையும் எண்ணாக வரும். பக்கத்தில் இன்னொருவர் போனில் அதே ஆப்பைத் திறந்து, இரண்டையும் கால் மணி நேரம் அப்படியே வையுங்கள். இணைய உதவி இல்லாதபோது, நல்ல போனுக்கும் இடத்தைப் பிடிக்கச் சில நிமிடங்கள் ஆகும். அவசரப்பட்டால் நல்ல போனையே குறை சொல்லிவிடுவோம்.

நல்ல போனில் பல செயற்கைக்கோள்கள் 30-க்கு மேற்பட்ட வலிமையோடு வரும், இடமும் பிடிபடும். மைத்துனர் போனில் ஒன்றிரண்டுதான் எட்டிப் பார்த்தன. எண் இருபதைத் தொடவில்லை. கவர் அல்லது காந்த மூடி இருந்தால் கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். இரண்டு போன்களும் ஒரே சட்டகத்தில் தெரியும்படி, இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

படி 2: கண்டுபிடித்த தேதியைக் கட்டி வையுங்கள்

கண்டுபிடித்த நாளை நீங்கள் சொன்னால் மட்டும் போதாது, ஏதாவது ஒன்றில் பதிவாகியிருக்க வேண்டும். கரை வந்ததும் மைத்துனர் அன்றே, ஜூன் 17 மாலை, விற்பவருக்குச் சாட்டில் எழுதினார். "ரிட்டர்ன் முடிந்துவிட்டது" என்று வந்த பதிலைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டார். அந்த மறுப்பே இப்போது நமக்கு ஆதாரம்: கோளாறு தெரிந்த மறுநாளே சொல்லியாயிற்று. கண்டுபிடித்த பிறகு இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டால் இந்த வாதம் பலவீனமாகிவிடும். பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எதிர்த்தரப்பு சொல்லும். போனைத் தொடர்ந்து பயன்படுத்துவதையும் அன்றே நிறுத்துங்கள்.

அன்றே இன்னொரு வேலையும் இருக்கிறது. கடற்கரை ஊர் என்று தெரிந்தாலே, "உப்புத் தண்ணீர் பட்டிருக்கும்" என்று பழியைத் தூக்கி நம்மீது போடுவார்கள். பல போன்களில் சிம் தட்டு போகும் துளைக்குள் சிறிய வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். தட்டை எடுத்து, டார்ச் அடித்து, அது வெள்ளையாகவே இருப்பதைப் படம் எடுங்கள். உங்கள் போனில் அப்படி ஒன்று கண்ணில் படவில்லை என்றால், சார்ஜ் துளை சுத்தமாக, துரு இல்லாமல் இருப்பதையாவது படம் எடுங்கள். உள்ளூர் ரிப்பேர் கடையில் மட்டும் திறக்க விடாதீர்கள். வாரண்டியும் போகும், ஆதாரமும் போகும்.

படி 3: சர்வீஸ் சென்டரில் ஜாப் ஷீட் வாங்குங்கள்

போகும் முன் `*#06#` அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். ராமநாதபுரத்துக்கோ மதுரைக்கோ போக வேண்டியிருந்தாலும் இந்தப் படியைத் தாண்டாதீர்கள். விற்பவர் சொல்லும் வாய்மொழியை எழுத்தில் மறுக்கும் ஒரே மூன்றாம் தரப்புத் தாள், போனை வாங்கிப் பார்த்து அவர்கள் எழுதித் தரும் ஜாப் ஷீட்தான்.

ஜாப் ஷீட்டில் "செட் செக்" என்று மொட்டையாக எழுதப் பார்ப்பார்கள். உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள்: "டவர், வைஃபை இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் இடம் காட்டவில்லை. முதலில் தெரிந்த நாள் ஜூன் 16." தண்ணீர் சேதம் இல்லை என்பதையும் குறிக்கச் சொல்லுங்கள். சோதனையைக் கடைக்குள் வைஃபையில் செய்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும், "கோளாறு இல்லை" என்று எழுதித் தந்துவிடுவார்கள். இது வழக்கமாக நடப்பது. வாசலுக்கு வெளியே ஏரோப்ளேன் மோடில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், படி 1-இல் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள்.

படி 4: எழுத்தில் கேளுங்கள்

சாட்டில் வாதாடி ஒன்றும் ஆகாது. விற்பனைத் தளத்தில் குறைதீர்ப்பு அதிகாரியின் மின்னஞ்சல் கட்டாயம் இருக்கும், அங்கே அனுப்புங்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், 2020-இன்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மைத்துனருக்காக எழுதியது ஏறக்குறைய இப்படி:

"மே 30 அன்று பெற்ற போனில் ஜிபிஎஸ் பகுதி வேலை செய்யவில்லை. டவரும் வைஃபையும் உள்ள இடத்தில் இந்தக் குறை வெளியே தெரியாது. தடைக்காலம் முடிந்து ஜூன் 16 அன்று கடலுக்குச் சென்றபோதுதான் தெரிந்தது. ஜூன் 17 அன்று தங்களுக்குத் தெரிவித்தேன், ரிட்டர்ன் காலம் முடிந்தது என்று மறுத்தீர்கள். நான் மனம் மாறித் திருப்பித் தரவில்லை. பொருள் குறையுள்ளது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதை மின்வணிக விதிகளின் விதி 6 தடுக்கிறது. பில்லில் காலம் குறிப்பிடாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. டெலிவரியிலிருந்து 30 நாள் ஜூன் 29 வரை உள்ளது. பணத்தைத் திருப்பித் தரவும், அல்லது புதிய போன் தரவும். ஜாப் ஷீட், வீடியோ, ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன்."

இதில் 30 நாள் என்ற இடத்தைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். பில்லை எடுத்துப் படியுங்கள். அதிலேயே திருப்பித் தரும் காலம் அச்சாகியிருந்தால் 30 நாள் வாதம் அப்படியே பொருந்தாது, அந்த வரியை எடுத்துவிட்டு விதி 6-ஐ மட்டும் வையுங்கள். இணையத்தளத்தின் பாலிசிப் பக்கத்தில் மட்டும் ஏழு நாள் இருந்து பில்லில் ஒன்றும் இல்லை என்றால், வாதத்தை உறுதியாக வைக்கலாம். அவர்கள் பாலிசியைக் காட்டி மறுத்துப் பேசக்கூடும். அதற்கு நமது பதில், குறை மறைந்திருந்தது என்பதுதான். வாங்கும்போதே இருந்த குறை இது என்பதற்கு, தண்ணீர் சேதம் இல்லை என்ற ஜாப் ஷீட் துணை நிற்கும்.

"வாரண்டி இருக்கிறதே, ரிப்பேர் செய்துகொள்ளுங்கள்" என்பார்கள். ரிப்பேருக்குச் சம்மதித்தால், "பணம் திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுவிடவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுச் சம்மதியுங்கள்.

படி 5: பதில் வரவில்லை என்றால்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், நிறுவனத்திடம் எடுத்துச் செல்வார்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

அதுவும் நகரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊராக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. e-jagriti.gov.in வழியாகவும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். விற்பவர், விற்பனைத் தளம், தயாரிப்பாளர் மூவரையும் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

"தொழிலுக்கு வாங்கியவர், நுகர்வோர் இல்லை" என்று ஒரு தடை போடலாம். பயப்பட வேண்டாம். தன் உழைப்பால் பிழைப்பு நடத்தத் தானே பயன்படுத்தும் பொருளை, சட்டம் வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. தானே கடலுக்குப் போகும் மீனவர் அதில் வருவார்.

மைத்துனருக்கு அவ்வளவு தூரம் போகவில்லை, மின்னஞ்சலிலேயே போனை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆள் வந்து வாங்குவதற்கு முன், ஸ்கிரீன்ஷாட்டும் சாட்டும் அந்தப் போனிலேயே இருந்தால் முதலில் வேறு போனுக்கு அனுப்பிவிடுங்கள். அதன் பிறகு கணக்கிலிருந்து வெளியேறி, லாக்கை நீக்கி, ரீசெட் செய்யுங்கள். லாக் உள்ள போனை எடுக்க வருபவர் வாங்க மாட்டார். ஐஎம்இஐ குறித்த ரசீது கைக்கு வராமல் போனைக் கொடுக்காதீர்கள்.