லாபத்தில் இருக்கும் பங்கில் கூடுதலாக வாங்கும் முன்

முதலில் ஸ்டாப் லாஸை, அதாவது விலை இறங்கினால் விற்று வெளியேற வைத்திருக்கும் விலையை, மேலே ஏற்றுங்கள், அப்புறம்தான் கூடுதல் பங்கு. பலர் இதைத் தலைகீழாகச் செய்துதான் கையில் இருந்த லாபத்தை விடுகிறார்கள்.

ஒரு கணக்கு பார்ப்போம். 200 விலையில் 100 பங்கு, ஸ்டாப் 190, அதாவது போனால் 1,000. விலை 210 ஆனதும் ஸ்டாப்பை 200க்கு ஏற்றிவிட்டு 50 பங்கு சேர்க்கிறீர்கள். இப்போது விலை திரும்பி ஸ்டாப் அடித்தாலும் முதல் 100இல் நட்டமில்லை, புதிய 50இல் மட்டும் 500 போகும். ஆக கையில் பங்கு கூடியிருக்கிறது, ரிஸ்க் பாதியாகியிருக்கிறது. 220இல் ஸ்டாப்பை 210க்கு ஏற்றி 25 சேர்த்தால், ஸ்டாப் அடித்தாலும் 750 லாபத்தில்தான் வெளியே வருவீர்கள்.

ஒவ்வொரு முறையும் அளவு ஏன் குறைகிறது? அதே 210இல் ஆசைப்பட்டு 200 பங்கு சேர்த்திருந்தால் சராசரி விலை சுமார் 206.67 ஆகிவிடும், 200இல் ஸ்டாப் அடித்தால் நட்டம் 2,000, ஆரம்பித்ததைவிட இரண்டு மடங்கு.

ஸ்டாப்பை ஏற்ற சார்ட்டில் சரியான இடம் இல்லை என்றால் சேர்க்காதீர்கள், வெறும் கணக்குக்காக நெருக்கி வைத்த ஸ்டாப் சாதாரண விலை ஆட்டத்திலேயே அடிபடும். மறுநாள் விலை ஸ்டாப்பைத் தாண்டிக் கீழே திறந்தால் இந்தக் கணக்கு நிற்காது என்பதால், நிறுவனத்தின் காலாண்டு முடிவு அறிவிப்புக்கு முந்தைய நாள் நான் சேர்த்ததை விற்று முதல் 100 பங்கை மட்டும் வைத்துக்கொள்வேன்.