889 பாய்: புதுத் தொழிலுக்கு கிரவுட்ஃபண்டிங்கா, பேங்க் லோனா?

கரூர் பக்கத்தில் இருக்கும் என் தோழி கோரைப்புல்லில் யோகா பாய் செய்து விற்க நினைத்தாள். காவிரிக் கரையில் விளையும் கோரை, ஓரத்துக்குப் பருத்தித் துணி, சுருட்டிக் கட்ட ஒரு நாடா. கைத்தறியில் நெய்த நாலைந்து மாதிரிகளைப் பார்த்தவர்கள் எல்லாம் விலை கேட்டார்கள். தொழிலாக நடத்த பவர்லூம், தையல் மெஷின், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 4 லட்சம் ரூபாய் வேண்டும். முதல் சுற்றுக்குக் கோரை, நூல், கூலி என்று இன்னொரு 2 லட்சம். கையில் இருந்தது 1 லட்சம்.

"ஆன்லைன்ல ஜனங்ககிட்ட 4 லட்சம் திரட்டிடலாம், வட்டியே கிடையாது" என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். அன்று போட்ட கணக்கை அதே வரிசையில் தருகிறேன். உங்கள் பொருளின் எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

படி 1: பணம் தருபவருக்கு என்ன பாக்கி என்று எழுதுங்கள்

பேங்க் லோனில் அசலும் வட்டியும் பாக்கி. கிரவுட்ஃபண்டிங் என்றால் ஆன்லைனில் பலரிடம் சிறு சிறு தொகையாகத் திரட்டுவது. அதில், முன்பணம் வாங்கிப் பின்னால் பொருள் அனுப்பும் வெகுமதி முறையில் பொருள் பாக்கி. பங்கு முறையில் கம்பெனியின் ஒரு துண்டையே கொடுத்துவிடுகிறீர்கள். நன்கொடையில் பொருளோ பங்கோ பாக்கியில்லை, சொன்ன காரியத்தைச் செய்து கணக்குக் காட்ட வேண்டும்.

வெகுமதிக்கும் பங்குக்கும் உள்ள வித்தியாசத்தை ஆக்யுலஸ் கதை நன்றாகக் காட்டும். 2012ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கிரவுட்ஃபண்டிங் தளத்தில் இந்த வி.ஆர். ஹெட்செட்டுக்காகச் சுமார் 24 லட்சம் டாலர் திரண்டது. 2014ல் அந்தக் கம்பெனியை ஃபேஸ்புக் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆரம்பத்தில் பணம் போட்டவர்களுக்கு அதில் பங்கு எதுவும் இல்லை, அவர்கள் கொடுத்தது பொருளுக்கான முன்பணம்தான். பலர் கோபப்பட்டார்கள், ஆனால் ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது.

படி 2: வெகுமதி முறையின் உண்மையான இலக்கைக் கண்டுபிடியுங்கள்

ஆரம்பிக்கிறவர்கள் அதிகம் தவறுவது இந்தப் படியில்தான், அதனால் இதை நிதானமாகச் செய்யுங்கள். ஒரு பாயை 1,500 ரூபாய்க்கு முன்பதிவு செய்கிறார்கள் என்று வைத்தோம். அந்த 1,500 எங்கே போகிறது?

கோரை, நூல், துணி, கூலி எல்லாம் 650. அட்டைப்பெட்டி, பேக்கிங் 60. கூரியர் சராசரியாக 140. தளத்தின் கமிஷன், பேமென்ட் கேட்வே கட்டணம், அவற்றின் மேல் வரி எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம் என்று 150 ஒதுக்கினோம். வழியில் மடங்கிப் போவது, முகவரி தவறித் திரும்பி வருவது, மறுபடி அனுப்புவது இதற்கெல்லாம் 50. மொத்தம் 1,050. ஒரு பாய்க்கு மிஞ்சுவது 450.

மெஷினுக்கான 4 லட்சம் இந்த 450களில் இருந்துதான் வர வேண்டும். 4,00,000 ÷ 450 = 889 பாய். அப்படியென்றால் தளத்தில் போட வேண்டிய இலக்கு 4 லட்சம் இல்லை, 889 × 1,500, அதாவது 13 லட்சத்து 33 ஆயிரம்.

அவள் நினைத்தபடி 4 லட்சம் என்று இலக்கு வைத்து அது நிறைந்தும் விட்டால் என்ன ஆகும்? 267 பேர் பணம் கட்டியிருப்பார்கள். அவர்களுக்குப் பாய் செய்து அனுப்பியபின் மிச்சம் 1 லட்சத்து 20 ஆயிரம். மெஷின் வாங்க முடியாது. மெஷினை முதலில் வாங்கினால் பாய் அனுப்பக் காசு இருக்காது. திரட்டல் வெற்றி பெற்ற நாளிலேயே தொழில் கடனில் நிற்கும்.

வெளிநாட்டில் பெரிய அளவிலேயே இது நடந்திருக்கிறது. கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ்பெட்டிக்கு 2014ல் கிக்ஸ்டார்ட்டரில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். ஒரு பெட்டியைச் செய்து அனுப்பும் செலவுக்கு வாங்கிய விலை போதவில்லை. 2019 இறுதியில் கம்பெனி மூடியபோது ஏறக்குறைய 20,000 பேருக்குப் பெட்டி போய்ச் சேரவே இல்லை.

ஜி.எஸ்.டி.யை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. முன்பதிவும் விற்பனைதான், பொருளை வெளி மாநிலத்துக்கு அனுப்பும்போது பதிவு விதிகள் மாறும். உங்கள் பொருளுக்கு என்ன விகிதம் என்று ஆடிட்டரிடம் கேட்டு, அதையும் 1,500க்குள்ளேயே கழித்துப் பாருங்கள்.

படி 3: தேதியைக் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்

மெஷின் வந்து சேர ஒன்றரை மாதம். நாளைக்கு 12 பாய் என்றால் 889 பாய்க்கு 75 வேலை நாள், அதாவது மூன்று மாதம். பேக்கிங்கும் அனுப்புவதும் அரை மாதம். ஆக ஐந்து மாதம். மழைக்காலத்தில் கோரை காயாமல் கிடக்கும் என்று அவள் அம்மா சொன்னார், அதனால் ஏழு மாதம் என்று எழுதினோம். நீங்கள் கம்பெனியாகப் பதிவு செய்தவர் என்றால், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாக நேர்செய்யாவிட்டால் அது டெபாசிட் என்று கருதப்படும். பிறகு சட்டச் சிக்கல் வேறு மாதிரி.

இலக்கு நிறையாவிட்டால் பணம் முழுதும் திரும்பிப் போகும் முறை ஒன்று, வந்தவரை எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று. இரண்டாவது ஆறுதலாகத் தெரியும். ஆனால் மெஷின் வாங்க வேண்டியவர்கள் முதல் முறையையே எடுங்கள். 200 பேர் பணம் மட்டும் கையில் வந்தால், மெஷின் இல்லாமலே 200 பாய் பாக்கி.

படி 4: பங்கு முறையை இந்தியச் சட்டத்தோடு வைத்துப் பாருங்கள்

அமெரிக்காவில் பொதுமக்கள் ஆன்லைனில் சிறு தொகை போட்டு, பட்டியலிடப்படாத கம்பெனியின் பங்கை வாங்க 2016 முதல் தனி விதி இருக்கிறது. இந்தியாவில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி இதைப் பற்றி 2014ல் ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டது, அது விதியாக வரவில்லை. 2016ல், அங்கீகாரம் இல்லாத இணையதளங்கள் வழியாகப் பங்கு வாங்க வேண்டாம் என்று முதலீட்டாளர்களை எச்சரித்தது.

அதனால் இங்கே மிஞ்சும் வழி, 2013 கம்பெனிச் சட்டத்தின் 42வது பிரிவில் வரும் தனிப்பட்ட பங்கு ஒதுக்கீடு. முதலில் பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்கும்படி அழைக்கக் கூடாது. அழைப்பு பெயர் குறிப்பிட்டுப் போக வேண்டும், விளம்பரம் கூடாது. "எங்க கம்பெனியில பங்கு வாங்கலாம்" என்று ஃபேஸ்புக்கில் போட்டாலே தப்பு. பணம் தனி வங்கிக் கணக்கில் வர வேண்டும், 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும், ஒதுக்கிய 15 நாளுக்குள் பாஸ்-3 படிவம் தாக்கல் செய்ய வேண்டும், அதன்பிறகுதான் பணத்தைத் தொடலாம்.

தோழியின் சித்தப்பா, 6 லட்சம் தருகிறேன், 15 சதவீதம் பங்கு கொடு என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். அது பாய்த் தொழிலுக்கு 40 லட்சம் மதிப்புப் போடுவதற்குச் சமம். இன்னும் ஒரு பாய்கூட விற்காத தொழிலுக்கு அது நல்ல விலைதான். ஆனால் லோன் ஐந்து வருடத்தில் முடிந்துவிடும், பங்கு முடியாது. பதிவு, ஆடிட், வருடாந்தரத் தாக்கல் செலவும் வருடா வருடம் வரும். பத்து மடங்கு வளரும் தொழிலுக்குத்தான் இது பொருந்தும் என்பது என் முடிவு.

படி 5: நன்கொடை உங்களுக்கானதா?

லாபத்துக்கான தொழிலுக்கு இது பொருந்தாது. மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் பெரும்பாலும் மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்களைத்தான் பார்ப்பீர்கள். உறவினர் அல்லாதவர்களிடம் இருந்து ஒரு வருடத்தில் மொத்தம் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால், முழுத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேரும். நெசவுப் பெண்களுக்கு இலவசப் பயிற்சி என்று ஒரு அறக்கட்டளை நடத்தினால் நன்கொடை கேட்பது நியாயம். அப்போதும் வெளிநாட்டுப் பணம் வாங்க அறக்கட்டளைக்குத் தனி அனுமதி வேண்டும்.

படி 6: லோனையும் பாயில் அளந்து பாருங்கள்

முத்ரா திட்டத்தில் 50,000 முதல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு, அதற்குமேல் 10 லட்சம் வரை தருண். சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 1 லட்சம் சொந்தப் பணம் போக, 5 லட்சம் லோன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்று வைத்தால் இ.எம்.ஐ. 10,871. மொத்த வட்டி ஏறக்குறைய 1 லட்சத்து 52 ஆயிரம்.

ஒரு பாய்க்கு 450 மிஞ்சினால் மாதம் 25 பாய் விற்றால் தவணை கட்டிவிடலாம். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் எழுதினபோதுதான் அவள் முகம் மாறியது: வட்டியில்லாத பணத்துக்கு முன்கூட்டியே 889 வாடிக்கையாளர், வட்டியுள்ள பணத்துக்கு மாதம் 25.

லோனின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பாய் விற்காத மாதமும் தவணை வரும், தவறினால் சிபில் மதிப்பெண் விழும். தொடக்கத்தில் சில மாதம் தவணையைத் தள்ளிவைக்கும் மொரட்டோரியம் கொடுத்தாலும் அந்த மாதங்களுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். இன்னொன்று: மானியத் திட்டத்தில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் மெஷினுக்கு முன்பே பணம் கட்டிவிடாதீர்கள். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் முதல் முறை மானியம் புதிதாகத் தொடங்கும் யூனிட்டுக்குத்தான். கொட்டேஷன் வாங்கி, திட்ட அறிக்கையோடு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். மெஷின் பணத்தை பேங்க் பெரும்பாலும் விற்பவருக்கே நேராக அனுப்பும்.

படி 7: இரண்டையும் சேர்க்கும் வரிசை

அவள் கடைசியில் செய்தது இது. மாதிரிப் பாயின் படங்களை யோகா ஆசிரியர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் அனுப்பி, பணம் வாங்காமல் முன்பதிவுப் பெயர்களை மட்டும் சேர்த்தாள். ஆறு வாரத்தில் 140 பெயர். அந்தப் பட்டியலையும் மெஷின் கொட்டேஷனையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனாள். முன்பணமாக வரப்போகும் 2 லட்சத்து 10 ஆயிரத்தையும் சொந்தப் பணமாகக் காட்டப் பார்த்தோம். மேனேஜர் தலையசைத்துவிட்டு, "இது உங்க பணம் இல்லம்மா, நீங்க அனுப்ப வேண்டிய சரக்கு. ஆர்டர்னு காட்டுங்க, ஒத்துக்கறேன்" என்றார். அவர் சொன்னது சரி.

மெஷினுக்கு 1 லட்சம் சொந்தப் பணம், 3 லட்சம் லோன் என்று முடிவானது. சாங்ஷன் கடிதம் கைக்கு வந்தபிறகுதான் 140 பேரிடமும் 1,500 ரூபாய் வாங்கினாள். முதல் சுற்றுக் கோரைக்கும் கூலிக்கும் அது போதுமானதாக இருந்தது. இ.எம்.ஐ. 6,523 ஆகக் குறைந்தது, மாதம் 15 பாய் போதும். 140 பாயும் அனுப்பியபின் கையில் நிற்பது 63,000 மட்டும்தான், இரண்டாவது சுற்றுக்கு அதற்குத் தக்க கோரை வாங்கினால் போதும் என்று அதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.