லேபிளில் 1:40 என்றால் வாளியில் எத்தனை மில்லி?

தரை துடைக்கும் திரவத்தின் லேபிளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதைப் பார்த்து அளவு கலப்பவர்கள் செய்யும் பெருந்தவறு கணக்கில் அல்ல, படத்தைப் படிப்பதிலேயே நேர்கிறது. பாட்டில் வளைவானது என்பதால் 1:100 என்பதன் கடைசிச் சுழியம் பக்கவாட்டில் மறைந்து, படத்தில் 1:10 என்று மட்டும் தெரியக்கூடும். 8 லிட்டர் கரைசலுக்கு 1:100 என்றால் ஏறத்தாழ 79 மில்லி போதும். 1:10 என்று படித்தவரோ 727 மில்லி ஊற்றிவிடுவார். தரை காய்ந்த பிறகும் பிசுபிசுப்பாக இருந்து காலடித் தடம் பதிந்தால், திரவம் மிகுந்துவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இதைத் தவிர்க்க, லேபிளை நேராக ஒரு முறையும் பாட்டிலைச் சற்றுத் திருப்பி ஒரு முறையும் படம் எடுப்பது நல்லது. பல லேபிள்களில் விகிதத்துடன் லிட்டருக்கு இத்தனை மில்லி என்ற குறிப்பும் இருக்கும். 1:40 என்பதும் லிட்டர் நீருக்கு 25 மில்லி என்பதும் ஒன்றே ஆகையால், இரண்டும் பொருந்தாவிட்டால் ஏதோ ஓர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறோம் என்று பொருள். அன்றாடத் துடைப்புக்கும் கிருமிநீக்கத்துக்கும் தனித்தனி விகிதங்கள் அச்சிடப்பட்டிருந்தால், அந்தப் பட்டியல் முழுவதும் படத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது வாளியின் அளவு. அடியில் 10 லிட்டர் என்று பொறிக்கப்பட்டிருந்தாலும், விளிம்புவரை நிரப்பி யாரும் தூக்கிச் செல்வதில்லை. ஒரு லிட்டர் பாட்டிலால் 8 முறை நீர் ஊற்றி, அந்த மட்டத்தில் அழியாத மையால் கோடு போட்டுவிட்டால், இனி அந்தக் கோட்டையே வாளியின் அளவாகக் கொள்ளலாம்.

இப்போது 1:40 என்பதைக் கணக்கிடுவோம். ஒரு பங்கு திரவமும் 40 பங்கு நீரும் சேர்ந்தால் மொத்தம் 41 பங்குகள். 8,000 மில்லியை 41ஆல் வகுத்தால் 195 மில்லி வரும். 40ஆல் வகுத்து 200 மில்லி என்று கொண்டாலும் இங்கே கேடில்லை. ஆனால் கடினக் கறைக்கு 1:4 என்று இருக்கும்போது, 5ஆல் வகுத்தால் 1,600 மில்லி, 4ஆல் வகுத்தால் 2,000 மில்லி. கால் பங்கு கூடுதலாகிவிடுகிறது. விகிதத்தின் இரண்டாம் எண் சிறியதாக இருக்குமளவுக்கு, அந்த ஒன்றைக் கூட்ட மறப்பது பெரிய பிழையாகிறது.

திரவத்தை மூடியால் அளக்காமல், மில்லி கோடிட்ட குவளையால் அளந்து, நீர் பெரும்பாலும் நிரம்பிய பின் ஊற்றி, மீதி நீரால் கோட்டைத் தொடச் செய்யுங்கள். திரவத்தை முதலில் ஊற்றி அதன்மேல் குழாயைத் திறந்தால் நுரை பொங்கி, நீர்மட்டம் கோட்டை எட்டியதா என்றே தெரியாது. பாதி தீர்ந்த வாளியில் வெறும் நீரை நிரப்பினால் நிறமும் மணமும் ஓரளவு எஞ்சியிருக்கும். ஆயினும் விகிதம் 1:80க்கு அருகே போய்விடுவதால், கிருமிநீக்கத்துக்கு அது உதவாது.