தொங்கும் விளக்கும் மூன்று கேபிள்களும்: கணக்கு எங்கே தடம் புரள்கிறது?

கூரையிலிருந்து இரண்டு கேபிள்கள் சாய்வாக இறங்கி ஒரு முடிச்சில் சேர்கின்றன. அந்த முடிச்சிலிருந்து மூன்றாவது கேபிள் நேராகக் கீழே இறங்கி 12 கிலோ நிறையுள்ள விளக்கைத் தாங்குகிறது. இடது கேபிள் கிடைமட்டத்தோடு 60° சாய்ந்திருக்கிறது, வலது கேபிள் 40°. ஒவ்வொரு கேபிளிலும் இழுவிசை எவ்வளவு? பிளஸ் ஒன் இயற்பியலில் லாமி தேற்றம் படிக்கும் எல்லோரும் இந்த மாதிரிக் கணக்கைப் போட்டிருப்பார்கள். சூத்திரம் தெரிந்தவர்களே இதில் தவறான விடை எழுதுவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் கேபிள் படத்தையே விசைப் படமாக எடுத்துக்கொள்வது.

முதலில் கணக்கைச் சரியாகப் போட்டுவிடலாம். அப்புறம் எங்கெங்கே சறுக்கும் என்று பார்க்கலாம்.

விளக்கின் எடை 12 × 9.8 = 117.6 நியூட்டன். கேபிள்களின் சொந்த எடையை விட்டுவிட்டால், நேராகத் தொங்கும் மூன்றாவது கேபிளின் இழுவிசையும் அதேதான். இந்த ஒரு வரியை எழுதாமல், மூன்று இழுவிசைகளும் தெரியாதவை என்று வைத்துக்கொண்டு இரண்டு சமன்பாடுகளோடு முட்டிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு. விளக்கைத் தனியாகப் பார்த்தால் அதன் மேல் இரண்டே விசைகள்தான், கீழே எடை, மேலே கேபிளின் இழுப்பு. அங்கேயே ஒரு விசை கிடைத்துவிடுகிறது. மீதி இரண்டையும் முடிச்சில் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று விசைகளும் சந்திக்கும் இடம் அதுதான் என்பதால், விசைப்படத்தை முடிச்சுக்கே வரைய வேண்டும். விளக்கின் நடுவிலிருந்து மூன்று அம்புகள் போட்டால் அது வேறு கணக்கு.

இடது கேபிளின் இழுவிசையை T₁, வலது கேபிளின் இழுவிசையை T₂ என்று வைத்துக்கொள்வோம். முடிச்சு அசையவில்லை. ஆகவே இடது பக்கம் இழுக்கும் கூறும் வலது பக்கம் இழுக்கும் கூறும் சமம், மேல்நோக்கிய கூறுகளின் கூடுதல் எடைக்குச் சமம்:

T₁ cos 60° = T₂ cos 40°
T₁ sin 60° + T₂ sin 40° = 117.6

முதல் சமன்பாட்டிலிருந்து T₁ = 1.532 T₂. அதை இரண்டாவதில் போட்டால் 1.970 T₂ = 117.6. எனவே T₂ = 59.7 நியூட்டன், T₁ = 91.5 நியூட்டன்.

sin, cos இடம் மாறினால்

"கிடைமட்டக் கூறுக்கு cos, செங்குத்துக் கூறுக்கு sin" என்று மனப்பாடம் செய்தவர்கள், கோணம் செங்குத்துக் கோட்டிலிருந்து கொடுக்கப்பட்டதும் தடுமாறுகிறார்கள். இதே கணக்கில் "இடது கேபிள் செங்குத்தோடு 30°, வலது கேபிள் 50°" என்று கேள்வி வந்தால் cos 30° செங்குத்துக் கூறுக்குப் போக வேண்டும். மனப்பாடத்தை விட்டுவிட்டு, கோணம் எந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறதோ அந்தத் திசையின் கூறுக்கு cos என்று பிடித்துக்கொண்டால் கேள்வி எப்படி வந்தாலும் நிற்கும்.

மாற்றிப் போட்டால் என்ன விடை வரும் என்று பார்ப்பது பயனுள்ளது. T₁ = 76.8, T₂ = 103.4 என்று வரும். எண்களைப் பார்த்தால் எந்தச் சந்தேகமும் எழாது, இரண்டும் நேர் எண்கள், அளவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பிடித்துவிடலாம். இரண்டு கேபிள்களுக்கும் கிடைமட்டக் கூறு ஒன்றேதான். சரியான விடையில் அது 45.7 நியூட்டன். அதே கிடைமட்ட இழுப்பைக் கொடுத்துக்கொண்டே செங்குத்தாக அதிகம் தூக்குவது எது? செங்குத்துக்கு நெருக்கமாக நிற்கும் கேபிள். எனவே இரண்டு சாய்ந்த கேபிள்களில் நிமிர்ந்து நிற்பதில்தான் இழுவிசை எப்போதும் அதிகம். 40° கேபிளுக்கு 103.4 என்று விடை வந்தால், கால்குலேட்டரைத் திரும்பத் தட்ட வேண்டியதில்லை, sin, cos இடம் மாறியிருக்கிறது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

நீளம் பற்றிய தவறும் இதோடு ஒட்டியதுதான். முடிச்சு கூரைக்கு 1 மீட்டர் கீழே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடது கேபிள் சுமார் 1.15 மீட்டர், வலது கேபிள் சுமார் 1.56 மீட்டர். நீளமான கேபிளில்தான் விசை அதிகம் என்று கை தானாக எழுதிவிடுகிறது, காரணம் படத்தில் அதன் கோடு பெரிது. உண்மை இங்கே நேர் எதிர். விசைப்படத்தில் அம்பின் நீளம் விசையின் அளவைச் சொல்கிறது, கேபிளின் நீளத்தை அல்ல. கேபிளிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது திசையை மட்டும்தான்.

எடையைப் பங்கு போடும் பழக்கம்

இரண்டு கேபிள் இருக்கிறது, ஆகவே ஆளுக்குப் பாதி, 58.8 நியூட்டன் என்று எழுதுவது இன்னொரு தவறு. இன்னும் சிலர் T₁ + T₂ = 117.6 என்று தொடங்குகிறார்கள். நம் விடையைக் கூட்டிப் பாருங்கள்: 91.5 + 59.7 = 151.2. எடையைவிட அதிகம். சரியான விடை வந்த பிறகும் இதைப் பார்த்துப் பயந்து அடித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. கேபிள்கள் எடையைத் தாங்குவதோடு ஒன்றையொன்று பக்கவாட்டிலும் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுப்பு ஒன்றோடொன்று ரத்தாகிவிடுவதால் விளக்குக்கு அது தெரியாது, கேபிளுக்குத் தெரியும். கூட்டினால் எடைக்குச் சமமாக வர வேண்டியவை செங்குத்துக் கூறுகள் மட்டுமே: 79.2 + 38.4 = 117.6.

T₁ = T₂ என்று எடுத்துக்கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. அது எப்போது சரி என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கேபிள் முழு நீளத்துக்கும் ஓடி, விளக்கின் கொக்கி அதன் மேல் உராய்வில்லாமல் வழுக்கி நகர முடிந்தால், இரு பக்கமும் இழுவிசை ஒன்றுதான். ஆனால் அப்போது கொக்கி நகர்ந்து நகர்ந்து இரு பக்கச் சாய்வும் சமமாகும் இடத்தில்தான் நிற்கும். 60°, 40° என்று வெவ்வேறு சாய்வு கொடுத்திருக்கும்போதே முடிச்சு இறுக்கிக் கட்டப்பட்டது என்று கேள்வி சொல்லிவிடுகிறது.

விசை முக்கோணம்: எந்த முக்கோணம்?

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. கூரையும் இரண்டு கேபிள்களும் சேர்ந்து ஏற்கெனவே ஒரு முக்கோணம் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் கோணங்கள் 60°, 40°, 80°. இதுதான் விசை முக்கோணம் என்று நினைத்து, அதில் சைன் விதியைப் போட்டுவிடுகிறார்கள். விசை முக்கோணத்தின் மூன்று பக்கங்களும் மூன்று விசைகளைக் குறிக்க வேண்டும், ஆனால் அந்த முக்கோணத்தின் ஒரு பக்கம் கூரை. கூரைக்கோடு கிடைமட்டமானது, எடையோ கீழ்நோக்கியது. எடையின் திசையே இல்லாத முக்கோணம் விசை முக்கோணமாக இருக்க முடியாது.

சரியான முக்கோணத்தைத் தாளில் வரையலாம். 1 செ.மீ. = 10 நியூட்டன் என்று அளவுத்திட்டம் வையுங்கள். A என்ற புள்ளியிலிருந்து நேராகக் கீழே 11.8 செ.மீ. கோடு போட்டு முடிவை B என்று குறியுங்கள். இது எடை. B-யிலிருந்து வலது கேபிளுக்கு இணையாக, அதாவது வலப்பக்கம் மேல்நோக்கி, கிடைமட்டத்தோடு 40°-யில் ஒரு கோடு. A-யிலிருந்து இடது கேபிளுக்கு இணையாக வலப்பக்கம் கீழ்நோக்கி 60°-யில் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம் C. இப்போது ஸ்கேலால் அளந்தால் BC சுமார் 6 செ.மீ., CA சுமார் 9.1 அல்லது 9.2 செ.மீ. வரும். கூறுகள் வழியே கிடைத்த அதே 59.7-ம் 91.5-ம்தான்.

அம்புகளைக் கவனியுங்கள். A-யிலிருந்து B, B-யிலிருந்து C, C-யிலிருந்து A என்று ஒரே சுற்றாகப் போக வேண்டும். மூன்று விசைகளையும் ஒரே புள்ளியிலிருந்து வரைந்து, நுனிகளைக் கோடு போட்டு இணைத்து "விசை முக்கோணம்" என்று எழுதுவது தவறு, அந்த இணைப்புக் கோடுகள் எந்த விசையையும் குறிப்பதில்லை. அதேபோல் மூன்றாவது அம்பு மற்ற இரண்டின் சுற்றுக்கு எதிராகத் திரும்பியிருந்தால், நீங்கள் வரைந்தது அந்த இரண்டின் தொகுபயன் விசை. சமநிலைப்படுத்தும் விசை அதற்கு நேர் எதிர்த்திசையில் இருக்கும்.

இந்த முக்கோணத்தின் கோணங்கள் A-யில் 30°, B-யில் 50°, C-யில் 100°. அதாவது

T₁ / sin 50° = T₂ / sin 30° = 117.6 / sin 100°

முடிச்சைச் சுற்றி விசைகளுக்கு இடையே இருக்கும் கோணங்களோ 130°, 150°, 80°. லாமி தேற்றம் இவற்றை எடுத்துக்கொள்கிறது. முக்கோணத்தின் கோணங்கள் இவற்றை 180°-யிலிருந்து கழித்தவை. sin 80°-ம் sin 100°-ம் ஒன்றே என்பதால் எதைப் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வரும். சந்தோஷமான விஷயம் போலத் தோன்றினாலும், தவறு ஒளிந்துகொள்ளும் இடமும் இதுவே. முக்கோணத்துக்குள் 80° என்று எழுதியவருக்கும் சைன் விதியில் சரியான விடை கிடைத்துவிடும். அதே கோணத்தைக் கொசைன் விதியில் போடும்போது குட்டு வெளிப்படும்: 91.5, 59.7 என்ற பக்கங்களுக்கு நடுவே 100° வைத்தால் மூன்றாவது பக்கம் 117.6 வருகிறது, 80° வைத்தால் சுமார் 100 வருகிறது. ஆகவே கோணங்களை எழுதியதும் கூட்டிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 180°, முடிச்சைச் சுற்றி 360°. இரண்டு பட்டியலிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்துக் கலந்திருந்தால் கூடுதல் பொருந்தாது.

நான்காவது கேபிள் ஒன்று வந்து சேர்ந்தால் முக்கோணம் உதவாது, பலகோணம் வரைய வேண்டும். மூன்று சாய்ந்த கேபிள்கள் மூன்று திசைகளில் கூரைக்குப் போனால் எல்லாம் ஒரே தளத்தில் இருக்காது, அங்கே மூன்று திசைக் கூறுகள்தான் ஒரே வழி.

கேபிளை இழுத்துக் கட்டினால்

கோபன்ஹேகனிலும் ஜெர்மனியின் பல நகரங்களிலும் தெருவிளக்குகளைக் கம்பத்தில் வைக்காமல், எதிரெதிர்க் கட்டடங்களுக்கு நடுவே கேபிள் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பார்ப்பதற்குக் கேபிள் கிட்டத்தட்ட நேர்கோடாக இருக்கும். நம் 12 கிலோ விளக்கை அப்படி நடுவில் தொங்கவிட்டு, இரு பக்கமும் 5° மட்டும் சாய்வு வைத்தால், எடையை W என்று எழுதினால், ஒவ்வொரு பக்கமும் இழுவிசை T = W / (2 sin 5°), சுமார் 675 நியூட்டன். விளக்கின் எடையைப் போல ஐந்தே முக்கால் மடங்கு. "12 கிலோதானே" என்று கணக்குப் பார்த்து சுவரில் கொக்கி அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சாய்வு பூஜ்யத்தை நெருங்க நெருங்க இந்த எண் எல்லையில்லாமல் ஏறும். விசை முக்கோணத்தில் இது தெளிவாகத் தெரியும், இரண்டு நீண்ட பக்கங்களும் ஏறக்குறைய இணையாகி, எங்கோ தொலைவில்தான் வெட்டிக்கொள்ளும். கேபிளை முற்றிலும் கிடைமட்டமாக இழுத்துக் கட்ட எவ்வளவு பலம் இருந்தாலும் முடியாது, ஏனென்றால் எடைக்கு எதிராக நிற்க அதற்குச் செங்குத்துக் கூறே இருக்காது.