பிசியோதெரபிஸ்ட் ரெஸ்யூமை விளம்பரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

கீழக்கரையில் ஒரு சிறிய கிளினிக் விளம்பரம் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்டது மூன்று: பி.பி.டி. பட்டம், கவுன்சில் பதிவு, மூட்டு–தசை வலியிலும் பக்கவாதத்திலும் 2 ஆண்டு சிகிச்சை அனுபவம். 2025 நவம்பர் தொடக்கத்தில் வந்த ஒரு ரெஸ்யூமில் "3 ஆண்டுக்கு மேல் அனுபவம்" என்று மேலேயே எழுதியிருக்கிறது. முதல்முறை ஆள் எடுப்பவர்கள் அந்த வரியிலேயே மனதை முடிவுசெய்துவிடுவார்கள். அதைத் தாண்டிக் கீழே போங்கள்.

படி 1: பதிவு எண் யாருடையது?

நம் ரெஸ்யூமில் "பதிவு எண்" என்ற இடத்தில் இந்திய பிசியோதெரபிஸ்ட்கள் சங்கத்தின் எண் இருக்கிறது. அது பழைய, மதிப்பான சங்கம்தான். ஆனாலும் அது தொழில்முறைச் சங்கம். அந்த எண் உறுப்பினர் எண். கவுன்சில் என்பது சட்டத்தால் அமைவது. 2021இல் வந்த தேசிய இணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம், பதிவேட்டைப் பராமரிக்கும் பொறுப்பை மாநில கவுன்சிலிடம் கொடுக்கிறது. டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் அதற்கு முன்பே தனிச்சட்டத்தில் கவுன்சில்கள் வந்துவிட்டன. அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரிடம் அந்தப் பதிவு இருக்கலாம்.

ஆகவே சான்றிதழ் நகலைக் கேளுங்கள். வழங்கியது எந்த கவுன்சில், பெயர் பட்டச் சான்றிதழில் உள்ளபடி இருக்கிறதா, செல்லுபடியாகும் தேதி போட்டிருந்தால் அது தாண்டவில்லையா என்று பாருங்கள். "அப்ளை பண்ணியிருக்கேன்" என்று ரசீதை அனுப்பினால், அது விண்ணப்பித்ததற்கான சான்று மட்டுமே. சங்க எண்ணை எழுதியதற்காக ஒருவரைப் பொய் சொன்னவராக நினைக்க வேண்டாம். இரண்டும் ஒன்றென்றே பலர் நினைக்கிறார்கள்.

படி 2: மாதங்களை எண்ணுங்கள்

ரெஸ்யூம் சொல்வது இது. 2018 ஆகஸ்டில் பி.பி.டி. சேர்ந்திருக்கிறார். 2022 செப்டம்பர் முதல் 2024 மே வரை மதுரையில் ஒரு மருத்துவமனை, 21 மாதம். அடுத்து ஒரு உடற்பயிற்சிக் கூடம், 2025 ஜனவரி வரை 8 மாதம். பிப்ரவரி முதல் அக்டோபர் வரை பரமக்குடியில் ஒரு கிளினிக், 9 மாதம். கூட்டினால் 38 மாதம்.

அவர் படித்த பி.பி.டி. நான்கரை ஆண்டுப் படிப்பு, கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். 2018 ஆகஸ்டில் சேர்ந்தவருக்கு அது 2023 பிப்ரவரி வாக்கில்தான் முடியும். அப்படியானால் மதுரை 21 மாதத்தில் முதல் 6 மாதம் இன்டர்ன்ஷிப்பாக இருக்க வேண்டும்; இன்டர்ன்ஷிப் முடித்த சான்றிதழின் தேதி அதை உறுதிசெய்யும். மிச்சம் 15. உடற்பயிற்சிக் கூடத்தில் நோயாளிகளுக்குச் சிகிச்சை கொடுத்ததாக ரெஸ்யூமில் ஒரு வரியும் இல்லை, அதனால் அந்த 8 மாதத்தைச் சேர்க்க முடியாது. 15உம் 9உம் 24. தலைப்பில் இருந்த மூன்று ஆண்டு இல்லை, ஆனால் விளம்பரம் கேட்ட இரண்டு ஆண்டு சரியாக இருக்கிறது. கூட்டிச் சொல்லிவிட்டார் என்ற கோபத்தில் இவரைத் தள்ளினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

படி 3: சிகிச்சையா, மெஷினா?

எனக்கு இதுதான் முக்கியமான படி. "ஐ.எஃப்.டி., அல்ட்ராசவுண்ட், டென்ஸ், டிராக்‌ஷன் தெரியும்" என்ற வரி, எந்தக் கருவியைப் போடத் தெரியும் என்று சொல்கிறது. எந்த நோயாளியை எப்படிப் பரிசோதித்தார், என்ன மாறியது என்று சொல்லவில்லை. போனில் ஒரு கேள்வி போதும்.

"வலை இழுக்கிற ஒருத்தர் தோள் தூக்க முடியலைன்னு வர்றார். முதல் நாள் என்ன பார்ப்பீங்க?"

"அவராவே எவ்வளவு தூக்குறார், நான் தூக்கிவிட்டா எவ்வளவு போகுதுன்னு தனித்தனியா அளப்பேன் சார். சுகர் இருக்கான்னும் கேட்பேன்."

இது வேலை தெரிந்தவரின் பதில். தோள் உறைந்திருந்தால் இரண்டு வகையிலும் கை போகாது. தசைநார் கிழிந்திருந்தால் தானாகத் தூக்க முடியாதவரின் கையை நாம் தூக்கினால் பெரும்பாலும் போகும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் உறைவது அதிகம். "பத்து நிமிஷம் ஐ.எஃப்.டி. போடுவேன்" என்று நேரே மெஷினுக்குப் போனால் யோசியுங்கள்.

பக்கவாதத்துக்கும் அப்படியே. படுக்கையிலிருந்து எப்படி எழுப்புவீர்கள் என்று கேளுங்கள். செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவி வலி வரும் என்பதை அவரே சொல்ல வேண்டும்.

நம் கடற்கரைக்கென்று இன்னொன்றும் கேட்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் ஒழுங்காக வரும் மீனவர், கடல் திறந்ததும் வருவதை நிறுத்திவிடுவார். அவருக்கு வீட்டில் செய்ய என்ன பயிற்சி, எத்தனை தடவை, எந்த வலி வந்தால் நிறுத்தச் சொல்வார்? தெளிவாகச் சொல்பவர் அப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்திருப்பார்.

படி 4: முடிவு

நம் ரெஸ்யூமுக்கு: பட்டம் சரி, அனுபவம் மட்டுமட்டாகச் சரி, பதிவு நிரூபணம் ஆகவில்லை. நேர்காணலுக்குக் கூப்பிடலாம். கவுன்சில் சான்றிதழ், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், இரண்டு இடத்து அனுபவக் கடிதங்களின் அசல்களோடு வரச் சொல்லுங்கள். கவுன்சில் சான்றிதழ் வராதவரை வேலைக் கடிதம் கொடுக்காதீர்கள்.