ஆன்லைனில் ஒரு தங்கச் சங்கிலி: ஆர்டர் போடுவதிலிருந்து திருப்பி அனுப்புவது வரை

முதல் முறை ஆன்லைனில் நகை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் டிசைனையும் விலையையும் பார்த்துவிட்டு, ஹால்மார்க் என்ற சொல் பக்கத்தில் எங்காவது இருந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். கடையில் வாங்கினால் நகை நம் கைக்கு வந்த பிறகுதான் பணம் போகும். இங்கே பணம் முதலில் போய்விடும், நகை பல கைகள் மாறி வரும். அந்தக் கைமாற்றங்களில்தான் கவனம் வேண்டும். ஒரு 22 காரட் தங்கச் சங்கிலியை வைத்தே முழுவதையும் பார்ப்போம். எடை 12.40 கிராம், கல் இல்லை, உள்ளே கூடு இல்லாத கெட்டிச் சங்கிலி.

1. பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள், படத்தை அல்ல

தேட வேண்டியவை மூன்று: எந்த உலோகம், என்ன தரம், எவ்வளவு நிகர எடை. "தங்க நிறம்", "தங்க முலாம்", "ஒரு கிராம் தங்கம்" என்றெல்லாம் இருந்தால் அது தங்க நகை இல்லை, வேறு உலோகத்தின் மேல் மெல்லிய பூச்சு. வெள்ளி தேடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: "ஜெர்மன் சில்வர்" என்பதில் வெள்ளியே கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம்.

தமிழில் ஒரு குழப்பம் கூடுதலாக உண்டு. தங்கத்தின் தரத்தைச் சொல்வதும் காரட், கல்லின் எடையைச் சொல்வதும் காரட். எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், பொருள் வேறு. கல் எடையில் ஒரு காரட் என்பது 0.2 கிராம். பதக்கத்தின் மொத்த எடை 6.20 கிராம், கற்கள் 5.5 காரட் என்று போட்டிருந்தால் கற்களே 1.10 கிராம் ஆகிவிடும். தங்கம் 5.10 கிராம்தான். தங்கத்தின் விலையை மொத்த எடைக்குப் போட்டிருக்கிறார்களா, நிகர எடைக்கா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் சங்கிலியில் கல் இல்லாததால் இரண்டும் ஒன்றே.

2. முத்திரை என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 காரட். 750 என்பது 18 காரட், 585 என்பது 14 காரட். வெள்ளியில் அதிகம் பார்ப்பது 925. மஞ்சளாக மின்னும் நகையில் 925 என்று இருந்தால் அது தங்கம் இல்லை, முலாம் பூசிய வெள்ளி. ஏமாற்றுகிறவர்கள் பல நேரம் பொய்யான எண்ணைக் குத்துவதில்லை. சரியான எண்ணைக் குத்திவிட்டு, அதை நாம் படிக்கமாட்டோம் என்று நம்புகிறார்கள்.

இன்னொன்று, வெறும் எண் ஹால்மார்க் ஆகிவிடாது. எண்ணை யார் வேண்டுமானாலும் குத்தலாம். ஹால்மார்க் என்பது விற்பவரைச் சாராத ஒரு மையம் சோதித்துப் பார்த்து இடுவது. அது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான BIS-இன் சின்னம், 22K916 போன்ற தரக்குறி, HUID என்ற ஆறு இலக்க எண், இந்த மூன்றும் இருக்க வேண்டும். HUID எண்ணில் ஆங்கில எழுத்தும் கலந்திருக்கும். பிரிட்டனில் நகையைச் சோதனைக்கு அனுப்பியவரின் குறி, தர எண், சோதனைச் சாலையின் குறி என மூன்று. அந்தச் சோதனைச் சாலைக் குறி லண்டனுக்குச் சிறுத்தைத் தலை, பர்மிங்ஹாமுக்கு நங்கூரம். 1972-இல் வியன்னாவில் கையெழுத்தான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தராசுச் சின்னம் உள்ள ஒரு பொது முத்திரையையும் ஏற்கின்றன. அமெரிக்காவில் இப்படி ஒரு கட்டாயச் சோதனை முறை கிடையாது. அங்கிருந்து வரும் நகையில் உள்ள எண் தயாரித்தவரின் சொந்தச் சொல் மட்டுமே.

ஆகவே ஆர்டருக்கு முன்பே விற்பவருக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த நாட்டு முத்திரை, நகையில் எந்த இடத்தில் இருக்கிறது, கிட்டத்தில் எடுத்த படம் கிடைக்குமா? HUID உள்ள நகை என்றால் அந்த எண்ணைப் பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகைக்கும் எண் தனி என்பதால் விளம்பரப் படத்தில் உள்ள எண்ணும் உங்களுக்கு வருவதும் பொருந்தாமல் போகலாம், அதில் தவறில்லை. பில்லும் நகையும் பொருந்த வேண்டும்.

3. பணம் கட்டுவதற்கு முன் இரண்டு விதிமுறைகள்

முதலில் அனுப்பும் காப்பீடு. "இன்ஷூரன்ஸ் உண்டு" என்ற ஒரு வரி போதாது. பல கூரியர் சேவைகளின் வழக்கமான காப்பீட்டில் நகைக்கு இடமே இல்லை, அல்லது மிகச் சிறிய உச்சவரம்பு இருக்கும். எனவே காப்பீடு நகையின் முழு மதிப்புக்கா என்று கேளுங்கள். அப்புறம் அது எப்போது முடிகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நாம் கையெழுத்துப் போடும் நொடியில், அல்லது ஓடிபி சொல்லும் நொடியில் முடிந்துவிடும்.

அடுத்தது திருப்பி அனுப்பும் விதி. பணம் திரும்பக் கிடைப்பது, மாற்று நகை கிடைப்பது, "திரும்ப வாங்கிக்கொள்கிறோம்" என்பது, இந்த மூன்றும் வேறு வேறு. மூன்றாவதில் அன்றைய தங்க விலைக்குக் கணக்குப் போட்டு, செய்கூலியைக் கழித்துக்கொள்வார்கள். கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதும் முக்கியம். அனுப்பிய நாளிலிருந்து ஏழு நாள் என்றால், வந்து சேர ஐந்து நாள் ஆனபின் கையில் இருப்பது இரண்டே நாள். பெயர் பொறித்தது, அளவு மாற்றிச் செய்தது போன்றவற்றைப் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை.

எல்லாம் படித்தபின் அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விதிமுறைப் பக்கம் பிறகு மாறிவிடலாம்.

4. பார்சல் வாசலுக்கு வந்ததும்

கையெழுத்துக்கு முன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் பாருங்கள். டேப்புக்கு மேல் டேப், கிழிந்து ஒட்டிய சீல், ஓரத்தில் பிரித்து மடித்த தடம் ஏதாவது இருந்தால் வாங்காதீர்கள், அல்லது "சேதத்துடன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எனக்கு ஒருமுறை வெள்ளி வளையல் வந்த பெட்டியில் இரண்டு நிற டேப் இருந்தது. அவசரத்தில் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன். உள்ளே ஒன்று குறைந்தது. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டார்" என்ற என் கையெழுத்தையே எனக்குக் காட்டினார்கள்.

அனுப்பும்போது பார்சல் எத்தனை கிராம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். அவர் 210 என்று சொல்லியிருக்க, உங்கள் தராசில் பிரிக்காத பெட்டி 197 காட்டினால், குறையும் 13 கிராம் ஏறக்குறைய உங்கள் சங்கிலிதான். கூரியர் லேபிளில் உள்ள எடையை நம்ப வேண்டாம். அதை மேல்நோக்கி முழுமைப்படுத்திப் போடுவது வழக்கம்.

5. ஒரே வீடியோவில் திறங்கள்

லேபிளில் தொடங்கி, சீல்களைக் காட்டி, பிரித்து, நகையைத் தராசில் வைத்து, முத்திரையைக் கிட்டத்தில் காட்டும்வரை கேமராவை நிறுத்தாதீர்கள். நடுவில் வெட்டு விழுந்த வீடியோ வாதத்துக்கு உதவாது. நகையில் கட்டியிருக்கும் டேக்கை அறுக்கவே கூடாது. அறுத்தால் திருப்பி எடுக்கமாட்டார்கள், விதிமுறையில் அது பெரும்பாலும் எழுதியே இருக்கும்.

சங்கிலியில் முத்திரை பெரும்பாலும் கொக்கியிலோ அதன் பக்கத்தில் உள்ள சிறு தகட்டிலோ இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வேண்டும், ஃபோன் கேமராவும் ஓரளவுக்கு உதவும். HUID என்றால் BIS Care செயலியில் Verify HUID பகுதியில் எண்ணைப் போடுங்கள். தரம் மட்டுமல்லாமல் நகையின் வகையும் வரும். உங்கள் கையில் சங்கிலி இருக்க, செயலி மோதிரம் என்றால் அந்த எண் வேறொரு நகையிலிருந்து எடுத்தது.

6. தண்ணீர்ச் சோதனை

முத்திரை சரியாக இருந்தும் சந்தேகம் தீரவில்லையா? உரசுவது, அமிலம் விடுவது எதுவும் வேண்டாம். கீறல் விழுந்தால் திருப்பி அனுப்பும் உரிமை போய்விடும். அதற்குப் பதில் 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நூலில் சங்கிலியைக் கட்டி, அடியிலோ பக்கத்திலோ தொடாமல் முழுவதும் மூழ்க விடுங்கள். டேக் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். கண்ணிகளில் ஒட்டும் காற்றுக் குமிழிகளைத் தட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம், சங்கிலியின் கன அளவு எத்தனை மில்லிலிட்டரோ அதுதான்.

நம் சங்கிலிக்கு 0.70 காட்டுகிறது என்று வையுங்கள்.

```
12.40 ÷ 0.70 = 17.7
```

22 காரட் தங்கத்தின் அடர்த்தி 17.5-க்கும் 17.9-க்கும் இடையில் இருக்கும். பொருந்துகிறது. இதே எடையில் முலாம் பூசிய வெள்ளி என்றால் தராசு சுமார் 1.19 காட்டியிருக்கும், பித்தளை என்றால் 1.46 அளவில். வித்தியாசம் பெரியது என்பதால் கை கொஞ்சம் நடுங்கினாலும் தெரிந்துவிடும். ஆனால் 0.1 கிராம் மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு இதற்கு உதவாது. 0.6 என்றால் 20.7 வரும், 0.8 என்றால் 15.5 வரும், எதையும் சொல்ல முடியாது. கல் வைத்த நகைக்கும் கூடு நகைக்கும் இந்தச் சோதனை செல்லாது.

சோதனை மையத்தில் எக்ஸ்-ரே கருவியில் வைத்தால் நகைக்குச் சேதமில்லை. ஆனால் அந்தக் கருவி மேற்பரப்பை மட்டுமே படிக்கும். தடித்த முலாம் அதை ஏமாற்றும், தண்ணீரை ஏமாற்றாது. இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம்.

7. திருப்பி அனுப்புவதாக இருந்தால்

வரும்போது இருந்த காப்பீடு போகும்போது தானாக வராது. இதைத்தான் பலர் மறக்கிறார்கள். விற்பவர் தரும் லேபிளில் அனுப்புவதே நல்லது, அப்போது வழியில் தொலைந்தாலும் யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே அனுப்ப வேண்டும் என்றால் முழு மதிப்புக்குக் காப்பீடு எடுங்கள். பெட்டியின் வெளியில் "நகை" என்று எழுதாதீர்கள், ஆனால் காப்பீட்டுப் படிவத்தில் உள்ளே இருப்பதை மறைக்கவும் கூடாது. மறைத்தால் இழப்பீடு கிடைக்காது.

திறந்ததைப் போலவே கட்டுவதையும் ஒரே வீடியோவாக எடுங்கள்: டேக் அறுபடாத சங்கிலி, தராசில் 12.40, பெட்டி, சீல். ரசீதில் பார்சல் எடையைக் குறிக்கச் சொல்லி வாங்குங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு "எடை குறைகிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால், பதிலுக்கு அனுப்ப இந்த இரண்டும் கையில் இருக்கும். பணம் வங்கிக் கணக்கில் விழும்வரை வீடியோவை அழிக்காதீர்கள்.