நாய்க்குப் புரிவது சொல்லா, கையா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் முறை

"உட்கார்" என்றால் எங்கள் மணி உடனே உட்கார்ந்துவிடும். சொல் புரிந்துதான் உட்கார்கிறது என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒருநாள் இரண்டு கையிலும் தண்ணீர் வாளி. அப்படியே நின்று "உட்கார்" என்றேன். மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. வாளியை வைத்துவிட்டுக் கையை லேசாகக் கீழே இறக்கினேன். வாயைத் திறக்கவே இல்லை, உட்கார்ந்துவிட்டது.

சொல், கை, பார்வை, பழக்கம் எல்லாம் ஒன்றாகப் போகும்போது, நாய் எதைப் பிடித்துக்கொண்டது என்று நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் செய்வதும் அதுதான். முதலில் கையிலிருந்து தொடங்குவோம்.

இரண்டு கிண்ணச் சோதனை

1998-ல் அமெரிக்காவில் பிரையன் ஹேர் குழுவும், ஹங்கேரியில் ஆடாம் மிக்லோஷி குழுவும் தனித்தனியே ஒரே மாதிரியான சோதனையை வெளியிட்டார்கள். ஹேர் இதைத் தொடங்கியதே அட்லாண்டாவில் பெற்றோர் வீட்டு கார் ஷெட்டில், சொந்த நாய் ஓரியோவை வைத்துத்தான். அதனால் நம் வீட்டிலும் இது முடியும்.

உள்ளே இருப்பது தெரியாத, ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்குப் பிடித்த தீனி, சுண்டு விரல் நகம் அளவுக்கு நறுக்கியது. நாயைப் பிடித்துக்கொள்ள ஒருவர். கிண்ணங்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். நடுவில், ஒரு அடி பின்னால் தள்ளி நீங்கள் நில்லுங்கள். நாய் உங்களுக்கு எதிரே இரண்டரை மீட்டர் தள்ளி.

முதலில் பழக்கம். நாய் பார்க்கும்போதே ஒரு கிண்ணத்துக்கு அடியில் தீனியை வைத்து, பிடித்திருப்பவரிடம் நாயை விடச் சொல்லுங்கள். கிண்ணத்தைத் தொட்டால் நீங்கள் தூக்கிக் காட்டுவீர்கள், தீனி கிடைக்கும் என்று அதற்குத் தெரிய வேண்டும். தொடர்ந்து நான்கு முறை சரியாகப் போனால் போதும்.

அடுத்தது வாசனை. இதைக் கவனிக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண், ஏனென்றால் நாய் மூக்கை நம்பி வாழும் விலங்கு. இரண்டு கிண்ணத்தின் உட்புறத்திலும் அதே தீனியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். ஒளித்து வைக்கும்போது நடுவில் ஒரு அட்டையை மறைப்பாக வைத்து, ஒவ்வொரு முறையும் இரண்டு கிண்ணத்தையும் தொட்டு, தூக்கி, வையுங்கள்.

எந்தப் பக்கம் வைப்பது என்று அந்த நேரத்தில் யோசிக்காதீர்கள். முன்னாலேயே காசு சுண்டி 20 முறைக்கான வரிசையை எழுதிவிடுங்கள். இடம் 10, வலம் 10. ஒரே பக்கம் மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து வந்தால் மாற்றிவிடலாம்.

இப்போது சுட்டுதல். அட்டையை எடுத்துவிட்டு நாயின் பெயரைச் சொல்லி, அது உங்கள் கண்ணைப் பார்க்கும்வரை காத்திருங்கள். பிறகு கையை நீட்டிச் சுட்டுங்கள். விரல் நுனிக்கும் கிண்ணத்துக்கும் நடுவே குறைந்தது அரை மீட்டர் இருக்கட்டும். ஒன்றிரண்டு நொடியில் கையை மார்போடு சேர்த்துவிடுங்கள். அப்புறம்தான் நாயை விட வேண்டும். கை நீட்டியபடியே இருந்தால், கைக்கு அருகில் இருக்கும் கிண்ணத்துக்குப் போனதா, சைகையைப் புரிந்து போனதா என்று பிரிக்க முடியாது. உடம்பைச் சாய்க்காதீர்கள், காலை நகர்த்தாதீர்கள்.

நாயைப் பிடித்திருப்பவர் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரிந்தால், பட்டையைப் பிடித்த கை தன்னையறியாமல் அந்தப் பக்கம் இழுத்துவிடும். பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பேர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரை, கேள்வி கேட்டவரின் தலையசைவைப் பார்த்தே விடை சொன்னது என்று 1907-ல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் காட்டினார். கேட்டவர்களுக்கே தாங்கள் அசைந்தது தெரியாது.

முதலில் தொட்ட கிண்ணம்தான் கணக்கு. தப்பானால் இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இடையிடையே 10 முறை சுட்டாமல், நேரே பார்த்தபடி நின்று நாயை விடச் சொல்லுங்கள். இது வாசனை கசிகிறதா என்று பார்ப்பதற்கு. இதில் பாதிக்குப் பாதிதான் சரியாக வர வேண்டும். எட்டு ஒன்பது வந்தால் மூக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். கிண்ணத்தை இன்னும் நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், ஒரு தடவைக்குப் பத்துச் சுற்று போதும்.

எண்ணைப் படிப்பது

குருட்டாம்போக்கில் போனாலும் 20-க்கு 10 வரும். 15 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வருவது ஐம்பதில் ஒரு முறைதான். அதனால் 15-ஐக் கோடாக வைத்துக்கொள்ளலாம்.

மணிக்கு முதலில் 11 வந்தது. மனசு விட்டுப்போச்சு. ஆனால் தாளைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்தேன். இடப்பக்கம் வைத்த 10-ல் 9 சரி, வலப்பக்கம் வைத்த 10-ல் 2 மட்டும் சரி. அதாவது 20-ல் 17 முறை அது இடப்பக்கமே போயிருக்கிறது. அந்தப் பக்கம் சமையலறைக் கதவு! என் கையை அது பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் மொட்டை மாடிக்கு மாற்றி வேறு நாளில் செய்தபோது 16 வந்தது, இரு பக்கமும் எட்டு எட்டு. சுட்டாத 10-ல் 5. இதை நம்பலாம்.

ஒரு எச்சரிக்கை. விளையாட்டுக்காகக்கூடக் காலிக் கிண்ணத்தைச் சுட்டாதீர்கள். ஜப்பானில் 2015-ல் வெளியான ஆய்வில் 34 நாய்களிடம் அப்படிச் செய்து பார்த்தார்கள். ஏமாற்றியவரின் கையைப் பின்தொடர்வதை அவை குறைத்துக்கொண்டன.

இது வளர்ப்பு நாய்க்கு மட்டும் உள்ள திறமையும் இல்லை. கொல்கத்தாவின் ஐசர் அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 160 தெருநாய்களிடம் தூரத்திலிருந்து ஒரு கணம் சுட்டிப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதி கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் சுட்டிய பக்கம் போயின. யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. மனிதரிடம் பயப்படும் நாயை "புரியாத நாய்" என்று எழுதிவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இனி சொல்

இதற்கு உங்கள் முகமே தெரியக்கூடாது. ஜெர்மனியின் ரீகோ என்ற பார்டர் கோலி நாய் இப்படித்தான் சோதிக்கப்பட்டது. சாமான்கள் ஒரு அறையில், சொல்பவர் வேறு அறையில். 200 சாமான்களைப் பத்துப் பத்தாகப் பிரித்து வைத்து, சொன்னதை எடுத்து வரும் வேலையை 40 முறை கொடுத்தார்கள், 37 முறை சரி.

நாய்க்குப் பெயர் தெரியும் என்று நீங்கள் நினைக்கும் இரண்டு பொருளை, பந்தும் கயிறும் என்று வைத்துக்கொள்வோம், அடுத்த அறையில் போடுங்கள். காசு சுண்டிய வரிசைப்படி, நாய்க்கு அந்த அறை தெரியாத இடத்திலிருந்து கேளுங்கள். கொண்டு வந்ததைத் திரும்ப வைக்கும்போது இடத்தை மாற்றுங்கள். கணக்கு முன்பு போலவே, 20-க்கு 15.

பெரும்பாலான நாய்களுக்கு இது வராது. ரீகோவும், 1022 பெயர் கற்ற சேசர் என்ற நாயும் மிக அபூர்வம். "வா", "உட்கார்" போன்ற செயல் சொற்கள் சாமான்களின் பெயரைவிட நாய்க்கு எளிது.

வந்துவிட்டால் ஒரு படி மேலே போகலாம். "பந்து" என்பதற்குப் பதில் அதே குரலில் "சந்து" என்று கேளுங்கள். நாய் பந்தைக் கொண்டு வந்தால் அது தவறு செய்துவிட்டதாக எண்ண வேண்டாம். 2020-ல் புடாபெஸ்ட்டில் நாய்களின் தலையில் மின்முனை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தபோது, தெரிந்த சொல்லுக்கும் முற்றிலும் வேறான பொருளற்ற ஒலிக்கும் வேறுபாடு தெரிந்தது. ஒரே ஒரு ஒலி மாறிய போலிச் சொல்லுக்குத் தெரியவில்லை. அதனால் வீட்டில் சாமான்களுக்குப் பெயர் வைக்கும்போது, பந்து, கயிறு, செருப்பு என்று ஒன்றுக்கொன்று ஒலியில் நன்றாக விலகிய பெயர்களாக வையுங்கள். வீட்டில் எல்லோரும் அதே பெயரைச் சொல்லட்டும்.